உடைந்த பிறகு விழுந்த சித்தி: எலும்பு மாத்திரையும் மருந்து விடுமுறையும்

என் சித்திக்கு வயது 69. ஒரு காலை, அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கி மேடைப் பக்கம் திரும்பினார். இடது தொடைக்குள் காய்ந்த குச்சி ஒடிவது போல ஒரு சத்தம். அடுத்த கணம் தரையில் கிடந்தார். மருத்துவமனையில் வாசல் ஊழியர் முதல் பயிற்சி மருத்துவர் வரை எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "வழுக்கி விழுந்தீர்களா, அம்மா?" சித்தி ஒவ்வொருவரிடமும் சொன்னார்: "விழுந்து உடையவில்லை. உடைந்துதான் விழுந்தேன்."

வலியில் ஏதோ உளறுகிறார் என்று பாதிப் பேர் நினைத்தார்கள். அவரோ நோயின் முக்கியமான அடையாளத்தையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்தி ஒன்பது ஆண்டுகளாக வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை, 70 மி.கி., விழுங்கி வந்தவர். ஞாயிறு காலை எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு. பிறகு அரை மணி நேரம் படுக்காமல், காபியும் குடிக்காமல் செய்தித்தாளோடு முற்றத்தில் நடப்பார். மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த நடை. ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு. பழைய மருந்துச் சீட்டைக் காட்டினால் மருந்துக் கடையில் கொடுத்துவிடுவார்கள். "இன்னும் எத்தனை நாள்?" என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கல்லூரியில் மருந்தியல் பாடம் நடத்தும் நானும் கேட்கவில்லை. இந்த மருந்தைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு மணி நேரம் பேசுகிறவன் நான்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் முழங்கால் வலியையும் "எலும்புத் தேய்மானம்" என்கிறோம். எலும்பின் அடர்த்தி குறைந்து போவதையும் அப்படியே சொல்கிறோம். முதலாவது மூட்டு நோய், அதற்கும் இந்தக் கட்டுரைக்கும் தொடர்பில்லை. இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி: ஆஸ்டியோபோரோசிஸ் எனப்படும் எலும்பு நலிவு.

கூரையைப் பிரிக்காமல் மேய முடியாது

எலும்பு ஒரு முறை கட்டி முடித்த சுவர் அல்ல. ஓலைக் கூரையைப் போல அது ஓயாமல் பிரித்து மேயப்படுகிறது. பழையதைப் பிரித்தெடுக்க ஒரு வகைச் செல்கள் இருக்கின்றன. புதியதை வேய இன்னொரு வகை. நடக்கும்போதும் படியேறும்போதும் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுகின்றன. பிரிக்கும் செல்கள் அந்த இடத்தைத் தேடிப் போய்ச் சுரண்டி எடுக்க, வேயும் செல்கள் பின்னாலேயே வந்து நிரப்புகின்றன. இளவயதில் பிரிப்பதும் வேய்வதும் சமமாக நடக்கும். மாதவிடாய் நின்ற பிறகு பிரிப்பவர்களின் கை ஓங்கிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் எடுத்தது அதிகம், வைத்தது குறைவு. பத்து, பதினைந்து ஆண்டுகளில் கூரை மெலிந்து, சின்ன விழுகைக்கே மணிக்கட்டு, முதுகெலும்பு, இடுப்பு என்று முறிகிறது.

பிஸ்பாஸ்போனேட் என்ற மருந்துக் குடும்பம் இந்தப் பிரிக்கும் செல்களைத்தான் குறி வைக்கிறது. வாரம் ஒரு முறை விழுங்கும் அலெண்ட்ரோனேட், ரிசெட்ரோனேட், மாதம் ஒரு முறை எடுக்கும் ஐபாண்ட்ரோனேட், ஆண்டுக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் ஜோலெட்ரோனிக் அமிலம் எல்லாம் இந்தக் குடும்பம். மருந்து நேராகப் போய் எலும்பின் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தைச் சுரண்ட வரும் செல் மருந்தையும் சேர்த்து விழுங்கி முடங்கிவிடும். பிரிப்பு குறையும், கூரை நிற்கும்.

பலன் சிறியதல்ல. ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்த பெண்களிடம் 1990களில் நடந்த பெரிய ஆய்வில், அலெண்ட்ரோனேட் எடுத்தவர்களுக்கு இடுப்பு முறிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இடுப்பு முறிந்த முதியவர்களில் கணிசமானோர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள். அதனால் இந்தப் பாதி என்பது உயிர்க் கணக்கு.

சிக்கலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பிரிப்பவர்களை நெடுங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், கெட்டுப்போன ஓலையை யார் எடுப்பது? விரிசல் விழுந்த எலும்பு எடுக்கப்படாமல் அங்கேயே கிடக்கிறது. கூரை தடிமனாகத்தான் இருக்கும்; அடர்த்தி ஸ்கேனும் நல்ல எண்ணையே காட்டும். பழைய ஓலைகள் மட்டும் உள்ளுக்குள் ஒடியக் காத்திருக்கும்.

தொடையின் வெளிச்சுவரில் ஒரு மூக்கு

தொடை எலும்பு நேர்க்கம்பு அல்ல, லேசாக வளைந்தது. உடலின் எடை அதன் தலையில், உள்பக்கமாக இறங்குகிறது. வளைந்த கம்பின் ஒரு நுனியை அழுத்திப் பாருங்கள்: உள்பக்கம் நெருங்கும், வெளிப்பக்கம் இழுபடும். விரிசலை விரித்துப் பெரிதாக்குவது இழுவிசைதான். அதனால் பழுது பார்க்கப்படாத விரிசல் தொடையின் வெளிச்சுவரில் குடியேறுகிறது. எலும்பு அதைத் தானே ஒட்டுப்போடப் பார்க்கிறது. அந்த ஒட்டு எக்ஸ்-ரேயில் வெளிச்சுவரில் கிளி மூக்கு போல ஒரு சிறு புடைப்பாகத் தெரியும். ஒரு நாள் அந்த மூக்கின் நடுவிலிருந்து கோடு உள்ளே ஓடி, எலும்பு இரண்டாகிறது.

வழக்கமான முறிவு எப்படி இருக்கும்? முதியவர் விழுவார், இடுப்பை ஒட்டிய கழுத்துப் பகுதி முறியும் அல்லது எலும்பு பல துண்டாகும். சித்தியின் எக்ஸ்-ரே அப்படி இல்லை. முறிவு இடுப்பில் இல்லை, தொடையின் தண்டில், மேல் பாதியில். வெளிப்பக்கம் கோடு கிடைமட்டமாக, சாக்பீஸை ஒடித்தது போல நேராக இருந்தது. உள்பக்கம் வரும்போது சாய்ந்து ஒரு முள் போலக் கூராகியிருந்தது. துண்டுகள் சிதறவில்லை. முறிந்த இடத்தில் வெளிச்சுவர் தடித்திருந்தது. விபத்தும் இல்லை. இந்த அடையாளங்கள் சேர்ந்தால் அதற்கு 'வழக்கத்துக்கு மாறான தொடை எலும்பு முறிவு' என்று பெயர். எலும்பு ஆய்வுக்கான அமெரிக்கச் சங்கத்தின் குழு 2010இல் இலக்கணம் வகுத்து, பிறகு அதைத் திருத்தியும் வெளியிட்டது.

இதை முதலில் கூர்ந்து கவனித்தவர்களில் சிங்கப்பூர் மருத்துவர்களும் உண்டு. இப்படித் தொடையில் முறிந்து வந்த 13 பெண்களில் 9 பேர் அலெண்ட்ரோனேட் எடுத்தவர்கள் என்று 2007இல் எழுதினார்கள். அந்தப் பெண்களில் சிலர் முறிவதற்கு முன்பே தொடை வலி இருந்ததாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த வலியைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சித்தி விஷயத்தில் தவறியது அங்கேதான். முறிவதற்கு முன் மூன்று மாதம் அவருக்குத் தொடை வலித்தது. தொடையின் முன்புறமும் கவட்டையிலும் மந்தமான வலி. நின்றால், நடந்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும். "நரம்பு இழுக்கிறது" என்றார். மருத்துவர் முதுகுக்கு எக்ஸ்-ரே எடுத்தார். 69 வயது முதுகில் தேய்மானம் தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டதாக எல்லோரும் நிம்மதி அடைந்தோம். வலி மாத்திரை, ஒத்தடம், பயிற்சி. எலும்பு மாத்திரையும் ஞாயிறுதோறும் தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இந்த முறிவு வந்தவர்களில் பத்தில் ஏழு பேருக்கு இப்படி முன்வலி இருக்கிறது. ஆகவே பிஸ்பாஸ்போனேட் எடுக்கும் ஒருவர் தொடையிலோ கவட்டையிலோ புதிதாக வலி என்று சொன்னால், இடுப்பு மூட்டு முதல் முழங்கால் வரை தொடை எலும்பு முழுவதும் விழும்படி எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். முதுகுப் படமோ முழங்கால் படமோ அந்த இடத்தைக் காட்டாது. எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லை, வலி மட்டும் விடவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாம். இன்னொன்று: மறு காலையும் எடுக்க வேண்டும். நாலில் ஒருவருக்கு மேல் இரண்டு தொடையிலும் இது வருகிறது. சித்தியின் வலது தொடையில் வலியே இல்லை. படத்திலோ வெளிச்சுவரில் ஒரு குட்டி மூக்கு இருந்தது.

இடது காலுக்கு எலும்பின் நடுக்குழியில் நீளக் கம்பி செலுத்தி அறுவை சிகிச்சை செய்தார்கள். இது சாதாரண முறிவை விட மெதுவாகத்தான் கூடும்; சித்திக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. வலது காலில் விரிசல் கோடு இல்லை, வலியும் இல்லை என்பதால் கம்பி வைக்காமல், வாக்கரோடு நடக்கவிட்டு, சில மாதங்களுக்கு ஒரு முறை படம் எடுத்துப் பார்க்கிறார்கள். வலியும் கோடும் இருந்திருந்தால் முறிவதற்கு முன்பே கம்பி வைப்பதுண்டு. கால்சியமும் வைட்டமின் டியும் சரிபார்த்தார்கள். எலும்பு மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டார்கள். இவருக்கு இது கொஞ்ச காலம் மட்டும் நிறுத்தி வைக்கும் விடுமுறை அல்ல, பணிநீக்கம். இனி இந்தக் குடும்பத்து மருந்து எதுவும் கிடையாது.

எவ்வளவு அரிது

கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பு தெற்குக் கலிபோர்னியாவில் தன்னிடம் வந்த 50 வயதைக் கடந்த, பிஸ்பாஸ்போனேட் எடுத்த ஏறக்குறைய 2 லட்சம் பெண்களைப் பத்தாண்டு பின்தொடர்ந்தது. முடிவுகள் 2020இல் வெளிவந்தன. அத்தனை பேரில் இந்த முறிவு வந்தது 277 பேருக்கு.

ஆனால் அபாயம் ஆண்டுகளோடு ஏறுகிறது. மூன்று மாதத்துக்கும் குறைவாக எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், மூன்று முதல் ஐந்து ஆண்டு எடுத்தவர்களுக்கு ஒன்பது மடங்கு. எட்டு ஆண்டைத் தாண்டியவர்களுக்கு நாற்பது மடங்குக்கும் மேல். மிகச் சிறிய எண்ணின் நாற்பது மடங்கும் சிறிய எண்ணாக இருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஓராண்டோ அதற்கு மேலோ ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் அபாயம் கூடுதல்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கு நமக்கு முக்கியம். 10,000 வெள்ளையினப் பெண்கள் மூன்றாண்டு மருந்து எடுத்தால் 149 இடுப்பு முறிவுகள் தடுக்கப்படுகின்றன. பதிலுக்கு இந்தத் தொடை முறிவு 2 பேருக்கு வருகிறது. ஆசிய வம்சாவளிப் பெண்களுக்கு அதே கணக்கு 91க்கு 8. ஆசியர் என்ற ஒரே தலைப்பில் பல நாட்டாரையும் அவர்கள் சேர்த்துவிட்டார்கள் என்பதால், இதை அப்படியே நம் வீட்டுப் பெண்களுக்குப் பொருத்த நான் தயங்குவேன். ஆனாலும் தராசு எந்தப் பக்கம் தாழ்கிறது என்பதில் ஐயமில்லை. முதல் சில ஆண்டுகளில் நன்மைதான் பெரிது. காலம் செல்லச் செல்ல மறுதட்டில் எடை ஏறுகிறது.

பெரியம்மாவின் பல்

சித்தியின் கால் உடைந்த மறுவாரமே குடும்பத்தில் இன்னொரு விபரீதம். பெரியம்மா, வயது 77, அதே மாத்திரையை நான்கு ஆண்டாக எடுத்து வந்தவர், அட்டையோடு குப்பையில் போட்டுவிட்டார். "நீதானே சொன்னாய், உன் சித்தியின் காலை உடைத்தது இந்த மாத்திரைதான் என்று?" எனக்கு உடனே பதில் வரவில்லை.

போதாக்குறைக்கு அவருக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ். பல் மருத்துவர் மாத்திரையின் பெயரைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டார். "பிடுங்கினால் தாடை எலும்பு அழுகிவிடும். ஆறு மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள்."

அவர் பயந்ததற்கு வரலாறு உண்டு. பல் பிடுங்கிய குழி ஆறாமல், ஈறு விலகி, தாடை எலும்பு வெளியே தெரியத் தொடங்கி, அந்த எலும்பு உயிரற்றுக் கிடப்பது ஒரு நோய். 2003இல் மயாமியைச் சேர்ந்த ராபர்ட் மார்க்ஸ் என்ற தாடை அறுவை மருத்துவர் இப்படி 36 பேரைப் பற்றி எழுதினார். எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு வெளியே தெரிய வேண்டும், இந்த வகை மருந்து எடுத்திருக்க வேண்டும், தாடைக்குக் கதிர்வீச்சு சிகிச்சை நடந்திருக்கக் கூடாது என்பது இதன் இலக்கணம். தாடைக்கு மட்டும் ஏன்? அங்கே எலும்பு புதுப்பிக்கும் வேலை வேகமாக நடக்கிறது. மேலே மூடியிருப்பது மெல்லிய ஈறு. சுற்றிலும் வாயின் கிருமிகள். பல் வழியாக வெளியுலகம் நேராக எலும்பைத் தொடுகிறது. பிரிக்கும் செல்கள் இல்லாத இடத்தில் சீழ் பிடித்த எலும்பை அகற்ற ஆளில்லை.

ஆனால் பயத்துக்கும் அளவு வேண்டும். இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் புற்றுநோயாளிகள். எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கு ஜோலெட்ரோனிக் அமிலம் 4 மி.கி. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஏற்றப்படும். எலும்பு நலிவுக்கோ 5 மி.கி., ஆண்டுக்கு ஒரே முறை. ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். பெரியம்மாவைப் போல மாத்திரை எடுப்பவர்களில் இந்தத் தாடை நோய் வருவது சில ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான்.

ஆறு மாதம் நிறுத்தச் சொன்னதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. எலும்பில் ஒட்டிய அலெண்ட்ரோனேட்டில் பாதி வெளியேறவே பத்தாண்டு போல ஆகும். ஆறு மாதத்தில் கழுவிப் போகிற சாயம் அல்ல அது. அந்த ஆறு மாதமும் சீழ்ப்பல் உள்ளேயே இருந்தால், அந்தச் சீழே தாடையைக் கெடுக்கும். வேறொரு மருத்துவர் கிருமிநாசினி திரவத்தால் வாயைக் கொப்பளிக்கச் செய்து, எலும்பை அதிகம் காயப்படுத்தாமல் பல்லை எடுத்து, ஈறைத் தையலிட்டு மூடினார். வாராவாரம் வரச் சொல்லிப் பார்த்தார். இரண்டு மாதத்தில் குழி மூடிவிட்டது. மாத்திரை தொடங்குவதற்கு முன்பே பல் வேலைகளை முடித்துக்கொண்டிருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

யாருக்கு விடுமுறை, யாருக்கு இல்லை

இந்த மருந்து எலும்பில் தங்கிவிடும் குணமே மருந்து விடுமுறையைச் சாத்தியமாக்குகிறது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் சில நாளில் ஏறிவிடும். அலெண்ட்ரோனேட்டை ஐந்தாண்டு எடுத்து நிறுத்தினால், எலும்பில் புதைந்திருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து பிரிப்பவர்களை இன்னும் சில காலம் அடக்கி வைக்கும். மாறாக, தொடை முறிவின் அபாயம் விரைவாக இறங்கிவிடுகிறது: நிறுத்திய பின் ஆண்டுக்கு 70 சதவீதம் குறைந்ததாக ஸ்வீடன் ஆய்வு ஒன்று சொன்னது. பாதுகாப்பு மெல்லக் கரைகிறது, ஆபத்து சட்டென்று விலகுகிறது. இந்த இடைவெளிதான் விடுமுறை.

அது இலவசம் அல்ல. ஐந்தாண்டு அலெண்ட்ரோனேட் எடுத்த பெண்களில் ஒரு பகுதியினரை மேலும் ஐந்தாண்டு தொடரச் செய்து, மற்றவர்களுக்கு மருந்தில்லா மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006இல் வந்தது. இடுப்பு உள்ளிட்ட மற்ற முறிவுகளில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் வலியோடு வெளிப்படும் முதுகெலும்பு முறிவு, தொடர்ந்தவர்களில் 2.4 சதவீதம், நிறுத்தியவர்களில் 5.3 சதவீதம்.

எனவே வழக்கம் இதுதான்: மாத்திரை என்றால் ஐந்தாண்டு, நரம்பு வழி என்றால் மூன்றாண்டு முடிந்ததும் நின்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே இடுப்போ முதுகெலும்போ முறிந்தவர்கள், மருந்து எடுக்கும்போதே முறிந்தவர்கள், ஆரோக்கியமான இளவயது எலும்போடு ஒப்பிட்டு ஸ்கேன் தரும் இடுப்பின் அடர்த்தி எண் இன்னும் -2.5 அல்லது அதற்கும் கீழே இருப்பவர்கள், மிக முதியவர்கள் ஆகியோர் பெரும்பாலும் தொடர வேண்டும். மாத்திரை என்றால் பத்தாண்டு வரை, நரம்பு வழி என்றால் ஆறாண்டு வரை. மற்றவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டு விடுமுறை, இடையிடையே சோதனை. அடர்த்தி நன்றாகச் சரிந்தாலோ புதிதாக முறிந்தாலோ விடுமுறை முடிந்தது. ரிசெட்ரோனேட் எலும்பில் அவ்வளவு காலம் தங்காது என்பதால் அதற்கு விடுமுறையும் குறுகியது.

சித்தியை இதில் வைத்துப் பார்த்தேன். 60 வயதில் தொடங்கியபோது முதுகின் எண் -2.7, இடுப்பின் எண் -1.9. அதுவரை ஒரு எலும்பும் முறிந்ததில்லை. 65 வயதில் நிறுத்துவதற்கு இவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். பெரியம்மாவோ முதுகெலும்பு ஒன்று நசுங்கி உயரம் குறைந்தவர், இடுப்பின் எண் -2.9, எடுத்ததும் நான்கே ஆண்டு. அவருக்கு விடுமுறை கொடுத்தால் அடுத்து முறிவது இடுப்பாக இருக்கலாம். நிறுத்த வேண்டியவர் தொடர்ந்தார். தொடர வேண்டியவர் நிறுத்தினார்.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசியும் எலும்பு நலிவுக்குத்தான், ஆனால் அது இந்தக் குடும்பம் அல்ல, எலும்பில் தங்காது. அதற்கு விடுமுறை கொடுத்தால் அடக்கி வைத்த பிரிப்பவர்கள் மொத்தமாகத் திரும்பி வருவார்கள். சிலருக்கு முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கியிருக்கின்றன. நிறுத்துவதென்றால் வேறு மருந்துக்கு மாற்றியே நிறுத்துவார்கள். "ஊசிக்கும் விடுமுறை உண்டாமே" என்று யாராவது சொன்னால், எந்த ஊசி என்று கேளுங்கள்.

ஈறு ஆறிய பிறகு பெரியம்மா மருத்துவரிடம் பேசி மாத்திரையை மீண்டும் தொடங்கினார். மருந்துப் பெட்டியின் மூடியில் நான் இரண்டு தேதிகளை எழுதி ஒட்டியிருக்கிறேன்: தொடங்கிய நாள், ஐந்தாண்டு முடியும் நாள். அவர் ஒவ்வொரு ஞாயிறும் மாத்திரை போட்டதும் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "தொடை வலிக்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.